ஐடிலில் 24, ஓட்டத்தில் 4

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் P0171 என்கிறது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை, கலவை மெலிந்துவிட்டது என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுபவர்கள் உண்டு. பாவம், தகவல் சொன்னதற்கு அதற்குத் தண்டனை!

அதே ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்த்தால் செலவு மிச்சமாகும். வழக்கமான கணக்குக்கு மேல் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அது. உடனடித் திருத்தம், நீண்டகாலத் திருத்தம் என்று இரண்டு உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

காற்றோட்ட சென்சார் உள்ள ஒரு காரில், எஞ்சின் சூடான பின் ஐடிலில் கூட்டுத்தொகை +24 என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் +4. இது வேக்குவம் கசிவின் அடையாளம். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம். வெடித்த ஹோஸ் வழியே கணக்கில் வராமல் நுழைவது அதில் பெரும்பங்கு. த்ராட்டில் திறந்ததும் அந்தப் பங்கு சுருங்கிவிடும். புகை செலுத்திப் பார்த்தால் ஓட்டை தெரியும்.

ஐடிலில் +3, மேடேறும்போது +20 என்றால் கதை வேறு. அழுக்கேறிய சென்சார், அதிகக் காற்று பாயும்போது குறைத்துச் சொல்கிறது. அதற்கென உள்ள கிளீனர் ஸ்ப்ரே போதும். கம்பியைத் துணியால் துடைக்கக் கூடாது. ஆனால் பலவீனமான ஃப்யூவல் பம்பும் இதே எண்களைக் காட்டும். சுத்தம் செய்தும் மாறாவிட்டால், பெட்ரோல் அழுத்தத்தை அளந்தாக வேண்டும்.