குறட்டை திடீரென்று நிற்கும்போது

இரவு இரண்டு, மூன்று மணி வாக்கில் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்காருகிறார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஹார்ட் அட்டாக்காக இருக்குமோ என்ற பயத்தில் மறுநாள் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தால் ரிப்போர்ட் நார்மல். “டென்ஷன்தான், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே படபடப்பு.

இப்படி வருகிறவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “குறட்டை விடுவீர்களா?” என்பதுதான். அதையும் அவரைவிட அவர் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்பது நல்லது. ஈசிஜி எடுப்பது பகலில், விழித்திருக்கும்போது. இந்த நோயோ அவர் தூங்கினால்தான் வெளியே வரும்.

விழித்திருக்கையில் தொண்டைத் தசைகள் இறுக்கமாக இருந்து மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், தாடை சிறுத்துப் பின்தள்ளி இருப்பவர்களுக்கும் அந்த வழி ஏற்கெனவே குறுகல். குறுகிய வழியில் காற்று போகும்போது மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் உள்நாக்கும் அதிர்கின்றன. அந்தச் சத்தமே குறட்டை. இன்னும் குறுகினால், நனைந்த காகித ஸ்ட்ராவை உறிஞ்சும்போது அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்வதைப் போலத் தொண்டையும் மூடிக்கொள்கிறது. குறட்டைச் சத்தம் சட்டென்று நிற்கிறது. மூச்சும் நிற்கிறது. இதுதான் ஸ்லீப் ஆப்னியா.

மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றால் அதை ஒரு ஆப்னியா என்று மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். சிலருக்கு அது அரை நிமிடத்தையும் தாண்டும். அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. மார்பும் வயிறும் காற்றை இழுக்கப் போராடுகின்றன, ஆனால் காற்று உள்ளே போவதில்லை. கடைசியில் மூளை அபாயத்தை உணர்ந்து ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. தொண்டைத் தசைகள் இறுகி, “கர்ர்ர்” என்று ஒரு பெரிய இழுப்புடன் மூச்சு திரும்புகிறது. அதே நொடியில் அட்ரினலின் பாய்கிறது. மூச்சு நின்றிருந்தபோது பெரும்பாலும் மெதுவாகத் துடித்த இதயம் ஒரேயடியாக வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தமும் எகிறுகிறது. அவர் முழுதாக விழித்துக்கொள்ளும் ஒன்றிரண்டு தடவைகளில் உணரும் படபடப்பு இதுதான். மற்ற நேரங்களில் விழித்ததே நினைவில் இருக்காது, உடனே தூங்கிவிடுவார். இரவெல்லாம் காற்றுக்காக வாயைத் திறந்தே வைத்திருப்பதால்தான் நாக்கு வறண்டுபோகிறது.

இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதும் இதன் கைவரிசையாக இருக்கலாம். அடைத்த தொண்டைக்கு எதிராக மார்பு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டதாக எண்ணி அவை ஒரு ஹார்மோனைச் சுரக்க, சிறுநீர் கூடுகிறது. இதைப் புராஸ்டேட் கோளாறு என்றோ சர்க்கரை என்றோ நினைத்து அலைகிறவர்கள் உண்டு.

விளக்கத்துக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 46 வயது, துணிக்கடையில் மேனேஜர். கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ., அதாவது சட்டைக் காலர் 17 அங்குலம். இரண்டு விதமான பிரஷர் மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. காலையில் தலை கனக்கிறது. மத்தியானம் கணக்கு பார்க்கும்போதே கண் சொருகுகிறது. அவர் மனைவி போனில் எடுத்த வீடியோவை டாக்டரிடம் காட்டுகிறார். குறட்டை ஏறிக்கொண்டே போகிறது, நிற்கிறது. வயிறு மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. பிறகு ஒரு திணறல், உடம்பு ஒரு உலுக்கு, மறுபடி குறட்டை. “சத்தம் கேட்டா எனக்குக் கவலை இல்ல டாக்டர். சத்தம் நின்னாதான் பயமா இருக்கு, தட்டி எழுப்பிடுவேன்” என்கிறார்.

அந்த வீடியோ நோயைக் கிட்டத்தட்ட காட்டிக்கொடுத்துவிட்டது. உறுதிசெய்ய ஸ்லீப் ஸ்டடி வேண்டும். மூக்கில் ஒரு சிறு குழாய், மார்பில் பட்டை, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் ஆகியவற்றை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்கலாம். ஆறரை மணி நேரப் பதிவில் அவருக்கு 221 முறை மூச்சு நின்றோ வெகுவாகக் குறைந்தோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 34 முறை. 5க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். ஒன்றைக் கவனிக்கவேண்டும்: வீட்டுக் கருவியில் பொதுவாக மூளை அலைகள் பதிவாவதில்லை. எனவே விழித்துப் புரண்டுகொண்டிருந்த நேரத்தையும் அது கணக்கில் சேர்த்து, எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டக்கூடும். அறிகுறிகள் பலமாக இருந்து ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால், ஆய்வகத்தில் ஒரு இரவு தங்கி முழுப் பரிசோதனை செய்யக் கேட்பதே சரி.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு வராது என்று நினைக்கவேண்டாம். பெண்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, இது அதிகமாகிறது. அவர்கள் பலரும் குறட்டையைச் சொல்வதில்லை. தூக்கம் வரவில்லை, எப்போதும் அசதி என்றே சொல்வதால் நோய் பிடிபடாமல் போகிறது.

எல்லாப் படபடப்பும் ஆப்னியா அல்ல. ஆப்னியா எழுப்பிவிட்ட மூச்சுத்திணறல் சில நொடிகளில் தீர்ந்துவிடும். எழுந்து உட்கார்ந்து பத்து இருபது நிமிடம் ஆனால்தான் மூச்சு சீராகிறது, கால் வீங்குகிறது என்றால் இதயத்தின் பலவீனமாக இருக்கலாம். துடிப்பு தாறுமாறாக நீண்ட நேரம் ஓடினாலும், நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்துகொண்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வியர்த்து எழுந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பார்க்கவேண்டும்.

இவர்களில் பலர் செய்யும் ஒரு காரியம் எனக்குக் கவலை தருகிறது. நல்ல தூக்கம் வேண்டுமென்று தூக்க மாத்திரையோ இரவில் மதுவோ எடுத்துக்கொள்கிறார்கள். மது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி, மூளை எழுப்புவதையும் தாமதமாக்குகிறது; தூக்க மாத்திரைகள் பலவும் அப்படியே செய்யக்கூடியவை. மூச்சு நிற்கும் நேரம் நீளும்.

நம் மேனேஜருக்கு சிபாப் கருவிதான் முதல் சிகிச்சை. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இதை அறிமுகப்படுத்தினார். அது ஆக்சிஜன் தரும் கருவி அல்ல. சாதாரணக் காற்றையே மாஸ்க் வழியாக லேசான அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. லேசான நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாட்டில் படுப்பதும், கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் பல் கருவியும் போதுமானதாக இருக்கலாம். எடை குறைந்தால் எண்ணிக்கையும் குறையும், ஆனால் எல்லோருக்கும் முழுதாக மறைந்துவிடாது.

சிபாப் போட ஆரம்பித்த பலர் முதல் சில வாரங்களில் கழற்றி வைத்துவிடுகிறார்கள், வாய் முன்பைவிடக் காய்கிறது என்று. அநேகமாக வாய் திறந்து காற்று கசிவதுதான் காரணம். மூக்கடைப்புக்கு மருந்து, காற்றை ஈரப்படுத்தும் தொட்டி, இல்லையென்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் என்று மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு கசிந்தது, மணிக்கு எத்தனை முறை இன்னும் மூச்சு நிற்கிறது என்பதையெல்லாம் இப்போதைய கருவிகளில் பெரும்பாலானவை பதிந்து வைக்கின்றன. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பதிவையும் கையோடு எடுத்துப் போகவேண்டும்.