கோசைன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்

அறிவியல் கால்குலேட்டரை ரேடியன் முறையில் வைத்து, 1 என்று தட்டி, கோசைன் பொத்தானை அழுத்துங்கள். 0.5403 வரும். வந்த விடைக்கே மறுபடி கோசைன் எடுத்தால் 0.8576. பிறகு 0.6543, 0.7935, 0.7014, 0.7640. மேலும் கீழுமாக ஊசலாடும் இந்த எண்கள் போகப்போக அடங்கி, 0.739085 என்ற இடத்தில் நின்றுவிடும். அதன்பின் எத்தனை முறை அழுத்தினாலும் திரை மாறாது.

அந்த எண்ணின் கோசைனும் அதே எண்தான்; அதாவது x = cos x என்ற சமன்பாட்டின் தீர்வு அது. கணிதத்தில் இதை நிலைப்புள்ளி என்பார்கள். இந்தச் சமன்பாட்டைப் பள்ளியில் படித்த வழிகளில் x-ஐ ஒருபக்கம் ஒதுக்கித் தீர்க்க முடியாது. ஆனாலும் தீர்வு உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு, நம் எண்கள் அதை நோக்கித்தான் போகின்றன என்று நிறுவலாம். திரையில் எண் நின்றுவிட்டது என்பது மட்டும் இவற்றுக்குச் சான்றாகாது.

0 முதல் 1 வரையுள்ள இடைவெளியை, இரு முனைகளையும் சேர்த்து எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள எந்த எண்ணுக்கும் கோசைன் 0.54-க்குக் குறையாது, 1-ஐத் தாண்டாது. ஆக, உள்ளே தொடங்கினால் வெளியேற வழியில்லை. தேவையான முதல் செய்தி இது.

இரண்டாவது செய்தியில்தான் உயிர் இருக்கிறது. கோசைன் வளைகோட்டின் சாய்வு, குறியை விட்டுவிட்டால், sin x. இந்த இடைவெளியில் அது அதிகபட்சம் sin 1, ஏறத்தாழ 0.8415. தாராளமாக 0.85 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இடைவெளியில் எந்த இரண்டு எண்களை எடுத்துக் கோசைன் கண்டாலும், விடைகளுக்கு இடையிலான தூரம் பழைய தூரத்தில் 0.85 பங்குக்கு மேல் இருக்காது. இப்படித் தூரத்தைக் குறைக்கும் சார்பைச் சுருக்கச் சார்பு எனலாம்.

இனி நிரூபணம் தானாக விரிகிறது. 1-லிருந்து 0.5403-க்கு வந்த முதல் தாவல் 0.46 நீளம். அடுத்த தாவல் அதில் 0.85 பங்குக்கு மிகாது, அதற்கடுத்தது அதிலும் 0.85 பங்குக்கு மிகாது. தாவல்கள் முடிவில்லாமல் தொடர்ந்தாலும் மொத்த நீளம் 0.46/0.15-ஐ, அதாவது சுமார் 3.07-ஐத் தாண்டாது. n தாவல்களுக்குப் பிறகு மிச்சமிருப்பது 3.07 × 0.85ⁿ-க்கு மேல் போகாது. N வளர வளர அது பூஜ்யத்தை நெருங்கும். ஆகவே எண்கள் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு குவிகின்றன. மெய்யெண் கோட்டில் ஓட்டை கிடையாது என்பதால், குவியும் இடத்தில் p என்ற எண் இருந்தே தீரும். முனைகளையும் சேர்த்துக்கொண்டதால் p இடைவெளிக்குள்ளேயே இருக்கும். கோசைன் தொடர்ச்சியானது; எனவே cos p = p. இன்னொரு தீர்வு q இருந்தால்? p-க்கும் q-க்கும் உள்ள தூரம் தன்னைவிடச் சிறியதாக இருக்க வேண்டிவரும். அது நடவாது.

போலந்துக் கணிதர் ஸ்டெஃபான் பனாக் 1922-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வாதத்தைப் பொதுத் தேற்றமாக்கினார். எண்களுக்குப் பதில் சார்புகளையே புள்ளிகளாகக் கொண்ட வெளிகளிலும் அது செல்லும்.

இந்த நிரூபணத்தில் எனக்கு மிகப் பிடித்தது, அது உத்தரவாதமும் தருகிறது என்பதே. பிழை 0.0005-க்குள் வர வேண்டுமா? மேற்சொன்ன கணக்குப்படி 54 முறை அழுத்தினால் போதும். உண்மையில் 16 முறையிலேயே வந்துவிடுகிறது. ஏனென்றால் தீர்வுக்கு அருகில் சுருக்கம் 0.85 அல்ல, சுமார் 0.67.

சமன்பாட்டை எப்படி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். அதையே x = arccos x என்று திருப்பி எழுதினால் தீர்வு மாறாது. ஆனால் அங்கே சாய்வின் அளவு சுமார் 1.48. தீர்வுக்குப் பக்கத்தில் 0.75-இல் தொடங்கினாலும் 0.7227, 0.763, 0.703, 0.791 என்று எண்கள் விலகிக்கொண்டே போகும்.

தூரம் ஒவ்வொரு முறையும் குறைந்தால் போதாதா, 0.85 போன்ற நிலையான பங்கு எதற்கு என்று கேட்கலாம். 1-உம் அதற்கு மேற்பட்ட எண்களும் கொண்ட கோட்டில் x + 1/x என்ற சார்பைப் பாருங்கள். எந்த இரு எண்களின் தூரத்தையும் அது குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் எண்கள் பெரிதாகும்போது அந்தக் குறைப்பு ஒன்றுமில்லாமல் தேய்கிறது. 1-இல் தொடங்கினால் 2, 2.5, 2.9. சுமார் 5000 படிகளில் 100-ஐ எட்டும்போது ஒரு படியின் நீளம் 0.01 மட்டுமே. நின்றுவிடப்போவதுபோலத் தோன்றும், நிற்காது. x + 1/x = x ஆக வேண்டுமானால் 1/x பூஜ்யமாக வேண்டும்; அப்படியோர் எண்ணே இல்லை.