கூடுதல் ஷிப்டை மறுக்கும் குறுஞ்செய்தி

கூடுதல் ஷிப்டுக்குக் கடைசி நேரத்தில் அழைப்பு வரும்போது, டீம் லீடருக்கு முதல் தேவை தெளிவான பதில். 'பார்க்கிறேன் சார்' என்று இழுத்தால் அவர் நம்பிக் காத்திருப்பார்; மாற்று ஆள் தேடும் நேரம் வீணாகும். இரவு 10 மணி ஷிப்டுக்கு மாலை 4 மணிக்குக் கேட்டால், உடனே இப்படி எழுதலாம்:

"சார், இன்னைக்கு நைட் ஷிப்டுக்கு வர முடியாது, மன்னிக்கணும். அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, ராத்திரி நான்தான் கூட இருக்கணும். சனிக்கிழமை ஆள் தேவைப்பட்டா வர்றேன்."

மறுப்பு முதல் வரியிலேயே இருக்கிறது. காரணம் ஒரே வரி. நீண்டால் சாக்குப்போக்காகத் தோன்றும், பொய்யானால் பின்னால் வெளிப்படும். சனிக்கிழமை வர முடியாதென்றால் கடைசி வரியை விட்டுவிட வேண்டும். காப்பாற்றாத வாக்கு மறுப்பைவிட அதிகமாக உறவைக் கெடுக்கும்.