கர்ப்பிணிகளுக்கு தடிப்பே இல்லாமல் அரிப்பா? பிரசவத் தேதியையே மாற்றும் ஒரு ரத்தப் பரிசோதனை!

காயல்பட்டினம், திருச்செந்தூர் மாதிரியான கடலோர ஊர்களில் சித்திரை, வைகாசி வந்தாலே வேர்க்குருவும் அரிப்பும் கூடவே வந்துவிடும். அதனால் ஏழு, எட்டு மாத கர்ப்பிணி ஒருவர் ‘உடம்பு அரிக்குது’ என்றால், ‘சூடுதான், உப்புத் தண்ணிதான், பவுடர் போடு’ என்று வீட்டில் சொல்லிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரு வகை அரிப்பை மட்டும் அப்படி விட்டுவிடக் கூடாது. அது தோலில் தொடங்குவதில்லை, கல்லீரலில் தொடங்குகிறது.

எந்த அரிப்பைக் கவனிக்கணும்?

வேர்க்குரு என்றால் சின்னச் சின்னப் பருக்கள் தெரியும். சிரங்கு என்றால் விரல் இடுக்கில் புண் இருக்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கும். ஆனால் இந்த அரிப்பில் தோலில் எதுவுமே இருக்காது. சொறிந்து சொறிந்து விழுந்த நகக் கீறல் மட்டும்தான் தெரியும். உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் அதிகமாக அரிக்கும். ராத்திரியில் தூங்கவே விடாது. பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வரும். மருத்துவர்கள் இதை ‘கர்ப்ப கால பித்தநீர்த் தேக்கம்’, சுருக்கமாக ‘ஐசிபி’ என்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். தலைசுற்றல், குமட்டல் வந்தால் ‘பித்தம்’ என்று சொல்லுவோமே, அது வேறு. இது கல்லீரல் சுரக்கும் பித்தநீர். கர்ப்ப கால ஹார்மோன்கள் அதிகமாகும்போது, சில பெண்களின் கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வெளியேறாது. அதில் உள்ள பித்த அமிலங்கள் ரத்தத்தில் கலந்துவிடும். பரம்பரையும் இதற்கு ஒரு காரணம் என்பதால், உம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இருந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை.

நமக்கு இது ஏன் முக்கியம்? பிரிட்டனில் 1000 கர்ப்பிணிகளில் சுமார் 7 பேருக்கு இது வருகிறது. அங்கேயே வசிக்கும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களில் 1000-க்கு 12 முதல் 15 பேருக்கு வருகிறது.

என்ன டெஸ்ட் எடுக்கணும்?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ‘கண்ணு மஞ்சளா இல்லையே’ என்று விட்டுவிடுவார்கள். இந்த நோயில் பெரும்பாலானவர்களுக்கு மஞ்சள் காமாலை வருவதே இல்லை. வழக்கமாக எடுக்கும் கல்லீரல் பரிசோதனையில் பிலிருபின், எஸ்ஜிபிடி போன்றவை இருக்கும். பித்த அமிலம் அதில் இருக்காது. அதைத் தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ‘சீரம் பைல் ஆசிட்’ என்று சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வயிற்றில்தான் எடுக்கணும் என்ற கட்டாயம் இல்லை. சாப்பிட்ட பிறகு அளவு கொஞ்சம் கூடும் என்பதால், எப்போது எடுத்தது என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சின்ன ஊர்களில் எடுக்கும் ரத்தத்தைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வர சில நாள் ஆகலாம். அதனால் அரிப்பு தொடங்கியதுமே எடுப்பது நல்லது. முதல் முடிவு நார்மல் என்றாலும் அரிப்பு நிற்கவில்லை என்றால் திரும்பவும் எடுக்க வேண்டும். சிலருக்கு அரிப்பு முதலில் வரும், ரத்தத்தில் மாற்றம் பிறகுதான் தெரியும்.

குழந்தைக்கு என்ன ஆபத்து?

தாய்க்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லை. குழந்தைக்குத்தான் பயம். பித்த அமிலம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்கும் போகும். அளவு மிக அதிகமானால் குழந்தையின் இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி, வயிற்றுக்குள்ளேயே உயிர் பிரியலாம் என்று கருதப்படுகிறது.

எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. 2019-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பித்த அமிலம் 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவர்களில் 1000-க்கு சுமார் ஒருவருக்கு குழந்தை இறந்து பிறந்தது. 40 முதல் 99 வரை இருந்தவர்களில் சுமார் 3 பேர். 100-ஐத் தாண்டியவர்களில் சுமார் 34 பேர். அதாவது 100-க்குக் கீழே ஆபத்து மற்ற கர்ப்பிணிகளுக்கு இருப்பதை ஒட்டியே இருக்கிறது. 100-ஐத் தாண்டினால் நிலைமை வேறு.

‘ஸ்கேன் நல்லாதானே இருக்கு?’

குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் கசப்பானது. வளர்ச்சி குறைவது, தண்ணீர் வற்றுவது போன்ற சிக்கல்கள் மெதுவாக வரும், ஸ்கேனில் தெரியும். இது திடீரென நடப்பது. காலையில் ஸ்கேனும் இதயத் துடிப்புப் பதிவும் நன்றாக இருந்தாலும், அடுத்த நாளுக்கு அது உத்தரவாதம் ஆகாது. குழந்தை அசைவு குறைந்தால் உடனே போகணும். ஆனால் அசைவு நன்றாக இருக்கிறது என்பதால் மருத்துவர் சொன்ன தேதியைத் தள்ளிப் போடக் கூடாது.

மாத்திரையும் முழுத் தீர்வு இல்லை. அர்சோடியாக்ஸிகோலிக் ஆசிட் மாத்திரை பரவலாகத் தரப்படுகிறது. பிரிட்டனில் 605 பெண்களிடம் நடந்த ஆய்வில், அது குழந்தைக்கு வரும் பாதிப்புகளைக் குறைக்கவில்லை, அரிப்பையும் கொஞ்சம்தான் குறைத்தது என்று 2019-ல் தெரியவந்தது. அதனால் மருத்துவர்கள் கையில் மிஞ்சுவது ஒன்றுதான்: எந்த வாரத்தில் பிரசவம் என்ற முடிவு.

அப்போ எப்போ பிரசவம்?

பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் 2022 வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது: அளவு 19 முதல் 39 வரை என்றால் 40-வது வாரத்துக்குள். 40 முதல் 99 என்றால் 38 – 39 வாரத்தில். 100-ஐத் தாண்டினால் 35 – 36 வாரத்தில். அமெரிக்க வழிகாட்டுதல் 100-க்கு மேல் 36-வது வாரம் என்கிறது. இரட்டைக் குழந்தை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 33-வது வாரத்தில் ஒருவருக்கு உள்ளங்கால் அரிப்பு. பித்த அமிலம் 46. பிரசவம் 38-வது வாரம் என்று முடிவாகிறது. வெளிநாட்டில் இருக்கும் கணவரும் அதற்கேற்ப டிக்கெட் போடுகிறார். 35-வது வாரத்தில் மறுபடி எடுத்தால் 64. திட்டம் மாறவில்லை. 36-வது வாரத்தில் 112. இப்போது 38 வரை காத்திருக்க முடியாது, அந்த வாரமே பிரசவம். முதல் டெஸ்டோடு நிறுத்தியிருந்தால் இந்த 112 யாருக்கும் தெரிந்திருக்காது.

‘பயமா இருந்தா எல்லாருக்கும் சீக்கிரமே எடுத்துடலாமே?’ என்றும் கேட்கலாம். 35, 36 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம், பால் குடிக்கச் சிரமப்படலாம், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படலாம். அளவு 50 உள்ளவருக்கு அந்தச் சிரமம் தேவையில்லாதது. 112 உள்ளவருக்கு அது ஏற்க வேண்டியது. அதனால்தான் அந்தப் பிரிவு உள்ள மருத்துவமனையை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வலி வந்த பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை இது.

ஐசிபி என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. மருந்து கொடுத்து வலி வரவழைத்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே சுகப்பிரசவம் பார்க்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு?

அரிப்பு சில நாட்களில் அடங்கும். குறைந்தது 4 வாரம் கழித்து கல்லீரல் பரிசோதனை எடுத்து, எல்லாம் நார்மலுக்கு வந்ததா என்று உறுதி செய்ய வேண்டும். வரவில்லை என்றால் கல்லீரலில் வேறு பிரச்னை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதனால் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை முதல் செக்கப்பிலேயே அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.