டீசல் மிச்சமாவது எங்கே?

மின்கம்பி எட்டாத ஒரு மலைக்கிராமம். அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 10 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று. கிலோவாட் கணக்கில் 8. காலை ஆறு மணிக்கு உறுமத் தொடங்கினால் இரவு பத்துக்குத்தான் ஓயும். டீசல் பீப்பாய்கள் ஜீப்பில் மலையேறி வர வேண்டும். கூரையில் சோலார் பலகை போட்டால் எவ்வளவு டீசல் மிச்சமாகும்?

பலகைகளை எண்ணுவதற்கு முன், கட்டடம் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். கருவிகளில் எழுதியிருக்கும் வாட் எண்களையெல்லாம் கூட்டிவிடுவது வழக்கம். அப்படிக் கூட்டினால் 9 கிலோவாட் வரும். ஆனால் தண்ணீர் மோட்டார், ஆட்டோகிளேவ், குடியிருப்பின் கிரைண்டர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுவது அபூர்வம். இரண்டு வாரம் மீட்டர் வைத்து மணிவாரியாகக் குறித்தால்தான் உண்மை தெரியும். நம் கட்டடத்தில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை சராசரியாக 0.6 கிலோவாட். காலை பத்து வரை 2.2. மாலை ஐந்து வரை 1.4. பிறகு இரவு பத்து வரை 2.3. மொத்தம் நாளொன்றுக்கு 35 யூனிட்.

8 கிலோவாட் தரக்கூடிய இயந்திரம் பகல் முழுக்கச் சுமப்பது இரண்டு கிலோவாட்டுக்கும் குறைவு. விரயம் இங்கேதான். இந்த அளவு ஜெனரேட்டர் எதையும் சுமக்காமல் வெறுமனே சுற்றவே மணிக்கு ஏறக்குறைய 0.64 லிட்டர் குடிக்கும். அதற்கு மேல், தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கால் லிட்டர். பதினாறு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் நாளுக்குச் சுமார் 18 லிட்டர். அதில் பத்து லிட்டர் வெறும் சுற்றலுக்கே போகிறது. இந்தக் குறைந்த சுமையில் எரிபொருளும் முழுதாக எரிவதில்லை. புகைக்குழாயின் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்காகக் கருப்பு கசிந்தால் அதுதான் அடையாளம்.

இப்போது சோலாரை மறந்துவிட்டு, 25 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரியை மட்டும் சேர்ப்போம். ஜெனரேட்டர் 6 கிலோவாட்டில் ஓடிப் பேட்டரியை நிரப்பிவிட்டு நின்றுவிடும். பேட்டரியில் போகும் இழப்பையும் சேர்த்து நாளுக்கு 40 யூனிட் உற்பத்தி செய்ய ஏழு மணி நேரம்கூட ஆகாது. செலவு 14 லிட்டருக்குச் சற்று மேல். பலகை ஒன்றுகூட இல்லாமலேயே தினமும் மூன்றரை லிட்டருக்கு மேல் மிச்சம். அதோடு நள்ளிரவுப் பிரசவத்துக்கு யாரும் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்ப வேண்டியதில்லை. விற்பவர்கள் பலகையின் வாட்டைப் பெரிதாகப் பேசி இதை விட்டுவிடுவார்கள்.

பிறகுதான் பலகைகள். 8 கிலோவாட் போட்டால் வெயில் நாளில் 35 யூனிட் வரும். பேட்டரி இழப்பு போக 31 கைக்குக் கிடைக்கும். மீதி நாலு யூனிட்டுக்காகத் தினமும் ஜெனரேட்டரை எழுப்ப வேண்டாம். மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் போதும். சராசரியில் நாளுக்கு ஒன்றரை லிட்டரை ஒட்டி வரும். மழை மூட்டத்தில் பலகை 12 யூனிட்தான் தரும். அப்போது ஜெனரேட்டர் நாலரை மணி ஓடி ஒன்பதரை லிட்டர் குடிக்கும். வருடத்தில் நூறு நாள் இப்படி மூடியிருக்கும் என்று கொண்டால், மொத்தச் செலவு சுமார் 1,400 லிட்டர். பழைய கணக்கு 6,570. மிச்சம் 5,200 லிட்டரை ஒட்டி வரும், அதாவது ஐந்தில் நாலு பங்கு. ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்து வெயில் மாதங்களை மட்டும் காட்டி 95 சதவீதம் என்று யாராவது எழுதித் தந்தால், மழை நாளை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள்.

மோட்டாரையும் ஆட்டோகிளேவையும் காலையிலிருந்து நடுப்பகலுக்கு மாற்றுவது காசில்லாத வேலை. அந்த மின்சாரம் பேட்டரிக்குள் போய் வராமல் நேராகப் பலகையிலிருந்து கிடைக்கும்.

ஜெனரேட்டர் எப்போது கிளம்பி எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளையில்தான் பல இடங்களில் காரியம் கெடுகிறது. பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கியதும் கிளம்பலாம். விடிகாலையில் அதை 100 வரை நிரப்பிவிட்டால், பத்து மணி வெயில் வரும்போது பேட்டரியில் இடம் இருக்காது. பலகைகள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். 60 சதவீதத்தில் நிறுத்திவிட வேண்டும். நல்ல வெயிலில் பலகையின் உற்பத்திக் கோடு நண்பகலுக்கு முன்பே சரிந்து கிடந்தால் இந்தக் கட்டளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு நிபுணர் வர வேண்டியதில்லை. மாதம் ஊற்றிய டீசலை, ஜெனரேட்டர் மீட்டர் காட்டும் யூனிட்டால் வகுத்துப் பார்த்தால் போதும். 6 கிலோவாட்டில் ஓடுகிற இயந்திரத்துக்கு யூனிட்டுக்கு 0.36 லிட்டர் வர வேண்டும். அது அரை லிட்டரைத் தாண்டினால் இயந்திரம் மறுபடியும் வெறும் சுமையில் சுற்றுகிறது, அல்லது பீப்பாய்க்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் டீசல் வேறெங்கோ போகிறது.