கட்டம் கட்டமாகத் தெரியும் ஜப்பான் விளையாட்டு

கிகியாமா என்ற புனைபெயரில் ஒருவர் 2004-இல் ‘யூமே நிக்கி’ என்ற கணினி விளையாட்டைச் செய்து, இணையத்தில் இலவசமாக விட்டார். அறையை விட்டு வெளியே போகாத ஒரு பெண் தூங்கி, தன் கனவுகளுக்குள் நடந்து திரிவாள், அவ்வளவுதான் கதை. ஆனாலும் அதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. 2018-இல் ஸ்டீமில் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. மூலத்தைத்தான் பார்ப்பேன் என்று பழைய ஜப்பானியப் பதிப்பை இறக்கி நம்மூர் விண்டோஸில் திறப்பவர்களுக்குத்தான் சிக்கல். மெனுவில் ஜப்பானிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏதேதோ குறிகள் நிற்கும். இல்லையென்றால் புரியாத எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வந்து, ‘ஓகே’ அழுத்தியதும் விளையாட்டு மூடிக்கொள்ளும்.

கோப்பு கெட்டுப்போய்விட்டது என்றோ வைரஸ் என்றோ நினைத்து மறுபடி மறுபடி இறக்குவார்கள். கோப்பில் ஒரு குறையும் இருக்காது. அதைப் படிக்கிற அட்டவணைதான் தவறு.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையை விண்டோஸ் ‘கோட் பேஜ்’ என்கிறது. ஜப்பானிய அட்டவணையின் எண் 932; பெரும்பாலும் இரண்டு பைட் சேர்ந்தால் அதில் ஓர் எழுத்து. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு 1252. அதில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. இந்திய ஆங்கிலம் என்று அமைத்த கணினியும் இந்த 1252-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். யூனிகோடு வந்தபின் எல்லா மொழிக்கும் ஒரே அட்டவணை ஆகிவிட்டது. ஆனால் யூமே நிக்கியைச் செய்யப் பயன்பட்ட ‘ஆர்பிஜி மேக்கர் 2003’ அந்த வழிக்கு வரவில்லை. பைட்டுகளை அப்படியே விண்டோஸிடம் தள்ளிவிடும். எந்த அட்டவணையைப் பார்ப்பது என்பதை விண்டோஸ் தன் அமைப்பைக் கொண்டு முடிவு செய்யும். ‘ஜப்பானிய மொழி’ என்ற சொல்லின் ஆறு பைட்டுகள் இரண்டு அட்டவணையிலும் எப்படித் தெரியும் என்று பாருங்கள்:

```
93 FA 96 7B 8C EA
932  : 日本語
1252 : “ú–{Œê
```

பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘தமிழ்’ என்று அடித்தது `jkpo;` என்று நிற்குமே, அதே கதைதான்.

திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். மேலே பார்த்த மாதிரி கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் அட்டவணை தவறு. காலிக் கட்டங்கள் வந்தால் பெரும்பாலும் அட்டவணை சரி, எழுத்தின் வடிவம்தான் கையில் இல்லை. பழைய ஜப்பானிய விளையாட்டுகள் எம்எஸ் காதிக், எம்எஸ் மின்சோ என்று பெயர் சொல்லி ஃபாண்ட் கேட்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் காதிக் கூடவே வருகிறது, மின்சோ வருவதில்லை. அமைப்புகளில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் `Japanese Supplemental Fonts` என்பதைச் சேர்த்தால் மின்சோவும் வந்துவிடும். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் நிலைமை வேறு: ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இடமில்லாமல் எழுத்தே தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்வதற்கும் காரணம் இதேதான். விளையாட்டின் படங்களுக்கும் இசைக்கும் ஜப்பானிய மொழியில் கோப்புப் பெயர் வைத்திருப்பார்கள். விளையாட்டு அந்தப் பெயரின் பைட்டுகளைக் கொடுத்து ‘இந்தக் கோப்பைத் திற’ என்று கேட்கும். விண்டோஸ் அதை 1252 வழியாகப் படித்து, இல்லாத ஒரு பெயரைத் தேடிவிட்டுக் கையை விரிக்கும். கோப்பு கிடைக்கவில்லை என்றால் வெளியேறு என்றுதான் நிரலில் எழுதியிருக்கிறது, அதுவும் வெளியேறிவிடும்.

சரி செய்யப் போகிறவர்கள் பலர் விண்டோஸின் திரை மொழியையே ஜப்பானியத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு திரும்பி வர வழி தெரியாமல் முழிக்கிறார்கள். அது தேவையே இல்லை. மாற்ற வேண்டிய அமைப்பு வேறு, கொஞ்சம் ஒளிந்திருக்கும். விண்டோஸ் பொத்தானோடு R அழுத்தி `intl.cpl` என்று அடித்தால் ஒரு சாளரம் திறக்கும். அதில் `Administrative` என்ற பக்கம், அதற்குள் `Change system locale`. பட்டியலில் `Japanese (Japan)` தேர்ந்தெடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். திரை மொழி ஆங்கிலமாகவே இருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் `chcp` என்று அடித்தால் 932 என்று வர வேண்டும். கோப்புப் பாதையில் பின்சாய்வுக் கோடு இருந்த இடத்தில் அங்கே யென் குறி தெரியக்கூடும். பயப்பட வேண்டாம், மாற்றம் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

932-க்குப் பதில் 65001 வந்தால், அதே சிறு சாளரத்தில் `Beta: Use Unicode UTF-8` என்று தொடங்கும் பெட்டியில் டிக் விழுந்திருக்கிறது. 2018-இல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி இது. புதிய மென்பொருள்களுக்கு நல்லதுதான், ஆனால் இது இருக்கும்வரை ஜப்பானியம் என்று தேர்ந்தெடுத்தாலும் பழைய விளையாட்டுக்கு 932 கிடைக்காது. டிக்கை எடுத்துவிட வேண்டும்.

இத்தனை செய்தும் விளையாட்டு மூடிக்கொள்கிறதா? ஃபோல்டருக்குள் போய்க் கோப்புப் பெயர்களைப் பாருங்கள். பழைய சுருக்கக் கோப்புகளில் பெயர்களும் 932-இல்தான் இருக்கும். அமைப்பை மாற்றுவதற்கு முன்பே பிரித்திருந்தால் பிரிக்கும்போதே பெயர்கள் சிதைந்திருக்கும். பின்னால் அமைப்பு மாறினாலும் வட்டில் பதிந்த பெயர் மாறாது. அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி பிரிக்க வேண்டும். முதலில் அமைப்பு, பிறகு மறுதொடக்கம், அதற்குப் பிறகுதான் பிரிப்பது.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களை வைத்து டிடிபி வேலை செய்கிறவர்கள் இந்த மாற்றத்தைச் செய்யாமலிருப்பது நல்லது. அந்தக் காலத்து மென்பொருள்களும் இதே அமைப்பை நம்பித்தான் ஓடுகின்றன; 932-க்கு மாறினால் தமிழ் எழுத்துகள் இரண்டிரண்டாக ஒட்டிக் குழம்பக்கூடும். அவர்களுக்கு ‘லோக்கேல் எமுலேட்டர்’ என்ற இலவச மென்பொருள் போதும். விளையாட்டின் மேல் வலது கிளிக் செய்து ஜப்பானிய முறையில் இயக்கினால், அந்த ஒரு நிரல் மட்டும் தான் ஜப்பானில் இருப்பதாக நம்பிக்கொள்ளும். ஜப்பானுக்கு மட்டும் என்று நேர மண்டலத்தைச் சோதித்து வெளியேறும் விளையாட்டுகள் சில உண்டு. டோக்கியோ நேரத்தைக் காட்டி அவற்றையும் இது சமாளித்துவிடும். 32-பிட் நிரல்களுக்குத்தான் இது பயன்படும், ஆனால் அந்தக் காலத்து விளையாட்டுகள் எல்லாமே அந்த வகைதான்.

யூமே நிக்கி மாதிரி ஆர்பிஜி மேக்கர் 2000, 2003-இல் செய்தவற்றுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ‘ஈஸிஆர்பிஜி பிளேயர்’ என்ற இலவச மென்பொருள், மூல நிரலின் வேலையைத் தானே செய்து விளையாட்டை ஓட்டும். அட்டவணையைத் தானாகவே ஊகித்துக்கொள்ளும். தவறாக ஊகித்தால் விளையாட்டின் `RPG_RT.ini` கோப்பில் இரண்டு வரி சேர்த்துவிடலாம்:

```
[EasyRPG]
Encoding=932
```

என் கைக்கு வந்தால் விண்டோஸ் அமைப்பைத் தொடுவதற்கு முன் இதைத்தான் செய்து பார்ப்பேன்.

தமிழர்களுக்கென்றே தனியாக ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே யூனிகோடாகத்தான் வந்தது. அதனால் 932, 1252 மாதிரி தமிழுக்கென்று ஒரு பழைய அட்டவணை விண்டோஸில் கிடையாது. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் `C:\Users` ஃபோல்டருக்குள் உங்கள் ஃபோல்டரும் தமிழ்ப் பெயரில் இருக்கும். அதற்குள் சேமிக்கப் போகும் பழைய விளையாட்டுக்கு அந்தப் பெயர் `?????` என்றுதான் போய்ச் சேரும். கோப்புப் பெயரில் கேள்விக்குறி வரக் கூடாது என்பது விண்டோஸின் விதி. ஆகவே சேமிப்பு நடக்காது, சில விளையாட்டுகள் தொடங்கவே செய்யாது. ஜப்பானியத்துக்கு மாற்றினாலும் இது தீராது. அமைப்புகளில் பயனர் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் பயனில்லை, காட்டும் பெயர் மாறுமே தவிர ஃபோல்டரின் பெயர் பழையபடியே நிற்கும். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துப் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து, அதற்குள் போய் விளையாட வேண்டியதுதான்.