வேகமாகச் சொன்னாலும் விடாமல் எழுத

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம். ஆசிரியர் சொல்லிக்கொண்டே போகிறார்: "ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் பெருஞ்சிரைகள் வழியாக வலது ஆரிக்கிளுக்கு வருகிறது. அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிளுக்குப் போய், நுரையீரல் தமனி வழியாக நுரையீரலை அடைகிறது. நுரையீரல் தமனியைத் தவிர மற்ற தமனிகளில் ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தமே ஓடும்."

கை பின்தங்கும்போது எல்லோரும் சொல்லின் முன்பாதியை எழுதி வாலை வெட்டுவார்கள். தமிழில் ஆபத்து அங்கேதான். 'சிரைக்கு', 'சிரையிலிருந்து' இரண்டுமே 'சிரை' என்று சுருங்கினால் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது போய்விடும். 'ஓடும்', 'ஓடாது' இரண்டுமே 'ஓடு' ஆனால் பொருளே தலைகீழாகும். அதனால் வேற்றுமை உருபுக்குப் பதிலாக அம்புக்குறியும், எதிர்மறைக்குப் பெருக்கல் குறியும், 'தவிர' என்பதற்குக் கழித்தல் குறியும் போடுங்கள். மேலே சொன்னது இப்படி அடங்கும்:

O₂↓: பெ.சிரை → வல.ஆ → வல.வெ → நு.தமனி → நுரை
தமனி: O₂↑ (− நு.தமனி)

ஒற்றை எழுத்துச் சுருக்கம் காலை வாரும். 'இ' என்றால் இடதா, இரத்தமா, இதயமா? 'இட', 'ரத்', 'இத' என்று பிரித்துக்கொண்டு, நோட்டின் முதல் பக்கத்தில் பட்டியலிடுங்கள். வரையறை, சூத்திரம், எண், பெயர் ஆகியவற்றை மட்டும் சுருக்காமல் எழுதுங்கள். அங்கே ஒரு சொல் மாறினாலும் விடை தப்பு.

ஒரு வாக்கியம் தவறிப்போனால் துரத்தக் கூடாது. துரத்தினால் அடுத்ததும் போகும். இரண்டு வரி காலியாக விட்டு ஓரத்தில் கேள்விக்குறி போட்டு மேலே தொடருங்கள். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு நிரப்பலாம்.

சுத்தம் செய்வது அன்றைக்கே நடக்க வேண்டும். அவசரத்தில் உண்டாக்கிய சுருக்கம் நாள் கழிந்தால் எழுதியவருக்கே புரியாது. முதலில் குறிப்பின் ஒவ்வொரு வரியையும் முழு வாக்கியமாக வாய்விட்டுப் படியுங்கள். திக்கும் இடம்தான் ஓட்டை. அதைப் பாடநூலைப் பார்த்து அடையுங்கள். பிறகு, அழகான கையெழுத்தில் அப்படியே நகலெடுக்காமல், வடிவத்தை மாற்றுங்கள். இந்தப் பாடத்துக்கு நான்கு அறைகள் கொண்ட ஒரு படமும், இரத்தக்குழாயின் பெயர், எங்கிருந்து எங்கே, ஆக்ஸிஜன் அளவு என்ற மூன்று பத்தி அட்டவணையும் போதும். பக்கத்தின் இடது ஓரத்தில் கேள்விகளை எழுதுங்கள்: "ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் ஓடும் தமனி எது?" அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த குறிப்பு முறையிலும் இடது ஓரம் இதற்குத்தான்.

தேர்வுக்கு முன் வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்விக்கு விடை சொல்லுங்கள். சொல்ல வராத கேள்விக்கு ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த முறை புள்ளி வைத்தவற்றை மட்டும் திருப்பினால் போதும்.